புதுப்பிப்பு: இரவில் திருத்திய படங்கள் காலையில் நீலமானது ஏன்

"ராத்திரி எடிட் பண்ணின கல்யாணப் படமெல்லாம் காலையில பார்த்தா நீலமா இருக்கு, மானிட்டர் போயிடுச்சா?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இரவில் திரையை மஞ்சளாக்கும் ரெட்ஷிப்ட் மென்பொருளை, மாலை 7 மணிக்குத் தானாக 3500 கெல்வினுக்கு இறங்கும்படி நானே வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்! திரை மஞ்சளாகத் தெரிய, படம்தான் மஞ்சள் என்று நினைத்து ஒயிட் பேலன்ஸை நீலப் பக்கம் தள்ளியிருக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் தெரிந்துவிடும் என்றார் ஒருவர், எடுத்தேன், அதில் மஞ்சளே இல்லை, ஏனென்றால் இந்தச் சாயம் திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில்தான் ஏறுகிறது, கோப்பில் அல்ல. அதைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

இப்போது பின்னணியில் தானாக ஓடும் ரெட்ஷிப்டை நிறுத்திவிட்டு, எடிட்டிங்குக்கு முன் முதல் கட்டளையால் சாயத்தை நீக்கி, முடிந்ததும் இரண்டாவதால் திரும்பப் போடுகிறேன்.

```
redshift -x
redshift -P -O 4000
```

அறையில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. அதன் பக்கத்தில் சாயமில்லாத 6500 திரை நீலமாக உறுத்துகிறது, 3500 என்றால் தோல் நிறமே ஆரஞ்சாகிவிடுகிறது, படிக்கவும் படம் பார்க்கவும் 4000 எனக்குச் சரி. திரை வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தேன். கண் எரிச்சல் குறைந்தது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.