கேன்டீன் பட்ஜெட்டில் 73,000 அதிகச் செலவாம், நாளைக்கு ரிவியூ. உதவி தேவை

ஓசூர்_கேன்டீன்: ஃபேக்டரி கேன்டீன். போன மாத பட்ஜெட் 5,00,000, செலவு 5,73,000. மேனேஜர் காரணம் கேட்கிறார். சாப்பாடு அதிகம் போனது, அவ்வளவுதான். இதை எப்படிக் காட்டுவது?

செல்வி_கோவை: எத்தனை சாப்பாட்டுக்குப் போட்ட பட்ஜெட்? எத்தனை போனது?

ஓசூர்_கேன்டீன்: 10,000 பிளான். 12,000 போனது.

எக்செல்குமார்: அப்போ 20% கூட. பட்ஜெட்டையும் 20% ஏற்றினால் 6,00,000. நீங்கள் 27,000 மிச்சம் பிடித்திருக்கிறீர்கள், தைரியமாகப் போங்க!

பழைய_லெட்ஜர்: சாப்பாடு கூடினால் மாஸ்டர் சம்பளமும் 20% ஏறுமா தம்பி? இதெல்லாம் பி.காம் பாடம். முதலில் செலவைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

மெஸ்_செக்ரட்டரி: எங்கள் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம்தான். மாதக் கடைசியில் மொத்தச் செலவை, சாப்பிட்ட நாட்களால் வகுத்து பில் போட்டுவிடுவோம். இந்தத் தலைவலியே இல்லை.

செல்வி_கோவை: அது பில் போடுகிற வழி. இவர் கேட்பது வேறு.

ஓசூர்_கேன்டீன்: பட்ஜெட்: மளிகை, காய்கறி ஒரு சாப்பாட்டுக்கு 32. கேஸ் ஒரு சாப்பாட்டுக்கு 4. சம்பளம் மாதம் 1,40,000.
ஆனது: 3,78,000, 43,000, 1,52,000.

செல்வி_கோவை: இதை முதலிலேயே போட்டிருக்கலாம். சாப்பாட்டோடு ஏறுகிற செலவை மட்டும் 12,000-க்கு மாற்றுங்கள். மளிகை 3,84,000, கேஸ் 48,000, சம்பளம் அதே 1,40,000. மொத்தம் 5,72,000. ஆக 73,000-இல் 72,000 கூடுதல் சாப்பாட்டால் வந்தது. நிஜமாகத் தாண்டியது 1,000.

ஆனால் அந்த 1,000-ஐக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சம்பளத்தில் 12,000 தாண்டியிருக்கிறது; மளிகையில் 6,000, கேஸில் 5,000 மிச்சமானதால் அது வெளியே தெரியவில்லை. ஓவர்டைமா? மளிகை மிச்சம் விலை இறங்கியதாலா, அளவைக் குறைத்ததாலா? மேனேஜர் அதைத்தான் கேட்பார்.

பழைய_லெட்ஜர்: கேஸ் மிச்சம் என்பதே பொய். குண்டானில் இன்னும் நாலு படி அரிசி போட்டால் கேஸ் அதே விகிதத்திலா ஏறும்? பாதி நிலையான செலவு அது.

எக்செல்குமார்: இட்லி அப்படியில்லை சார். ஈடு கூடினால் அடுப்பு எரிகிற நேரமும் கூடும்.

பழைய_லெட்ஜர்: மதியச் சாப்பாட்டில் இட்லி எங்கே வந்தது?

எக்செல்குமார்: மதியம் மட்டும் என்று அவர் சொன்னாரா?

செல்வி_கோவை: நாலைந்து மாத சிலிண்டர் பில்லையும் சாப்பாட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், 12,000 என்பது டோக்கன் கணக்கா, சமைத்த கணக்கா? சமைத்து மீந்ததையும் சேர்த்திருந்தால் பட்ஜெட்டைச் சும்மா ஏற்றிக்கொள்கிறீர்கள்.

ஓசூர்_கேன்டீன்: டோக்கன்தான். நைட் ஷிஃப்ட்டுக்கு மட்டும் மாஸ்டர் சொன்ன எண்ணிக்கை. சம்பளத்தில் கூடிய 12,000 ஓவர்டைம். மீட்டிங் முடிந்தது, நன்றி.

பழைய_லெட்ஜர்: மாஸ்டர் சொன்ன எண்ணிக்கையா!