கொடை நேரலையில் சூப்பர் சாட் பட்டன் வரவில்லை

மேலத்தெரு மணி: எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டை யூடியூபில் நேரலையாக விட்டேன். சேனலுக்கு 640 சந்தாதாரர், பங்குதாரர் திட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மும்பைச் சித்தப்பா பணம் போட நினைத்திருக்கிறார், பட்டனே இல்லை என்கிறார். என்ன தடை?

அம்பை கேமரா: 640-ல் எங்கே கிடைக்கும்? 1000 சந்தாதாரரும் 4000 மணி நேரமும் வேண்டும். அதுவரை சூப்பர் சாட்டை மறந்துவிடு தம்பி.

பொருநைக்கரை: அது விளம்பர வருமானத்துக்கான கணக்கு, அண்ணாச்சி. சூப்பர் சாட், சூப்பர் தேங்க்ஸ் எல்லாம் 500 சந்தாதாரரிலேயே கிடைக்கும். 90 நாளில் 3 பொது வீடியோ போட்டிருக்க வேண்டும், ஒரு வருடத்தில் 3000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். தம்பிதான் திட்டத்துக்குள் வந்தாயிற்றே, அந்த வாசலைத் தாண்டிவிட்டார்.

ஆனால் திட்டத்தில் சேர்ந்ததும் இது தானாக ஓடாது. ஸ்டுடியோவில் Earn பக்கம் போய், Supers என்ற இடத்தில் வணிக வசதிக்கான தனி ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். அதன்பின் சூப்பர் சாட்டுக்கு ஒரு சுவிட்ச், சூப்பர் தேங்க்ஸுக்கு ஒரு சுவிட்ச். மணி, இரண்டும் ஆனில் இருக்கிறதா?

மேலத்தெரு மணி: இருக்கிறது, இப்போதும் பார்த்தேன். பழைய தேரோட்ட வீடியோவில் தேங்க்ஸ் பட்டன் தெரிவதாகச் சித்தப்பாவே சொல்கிறார். கொடையில் மட்டும்தான் இல்லை.

பொருநைக்கரை: அப்படியென்றால் சேனலில் கோளாறு இல்லை, அந்த ஒரு நேரலையில்தான். லிங்க்கை எப்படிக் கொடுத்தீர்கள்?

மேலத்தெரு மணி: ஊர் வாட்சப் குழுவில் போட்டேன். வரிதாரர் மட்டும் பார்த்தால் போதும் என்று கமிட்டி சொன்னதால் Unlisted வைத்தேன்.

பொருநைக்கரை: பிடிபட்டது. Unlisted, Private இரண்டிலும் சூப்பர் சாட் கிடையாது. அரட்டையை மூடி வைத்தாலும் கிடையாது, ஏனென்றால் அது அரட்டைக்குள்தானே வருகிறது. இன்னொன்று, Unlisted-ல் ஓடிய நேரம் 3000 மணி நேரக் கணக்கிலும் சேராது. விடிய விடிய வில்லடித்தும் அந்தக் கணக்கில் சுழியம்தான்.

அடுத்த முறை பொதுவில் வைத்து, நேரலை தொடங்கியதும் வேறு கணக்கில் திறந்து பாருங்கள். அரட்டைப் பெட்டிக்குக் கீழே பணக் குறி வந்தால் சரி.

கல்லிடை அக்கா: எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் ஆச்சி சொல்லும் கதைகளைப் போடுகிறேன், ஒன்றில்கூட தேங்க்ஸ் பட்டன் இல்லை. நான் Unlisted வைக்கவே இல்லையே?

பொருநைக்கரை: அக்கா, அந்த வீடியோக்களில் கருத்து எழுத முடிகிறதா?

கல்லிடை அக்கா: இல்லை. கருத்துப் பெட்டியே மூடிக் கிடக்கிறது.

பொருநைக்கரை: குழந்தைகளுக்கானது என்று குறித்திருப்பீர்கள். அதைக் குறித்தால் கருத்து, நேரலை அரட்டை, தேங்க்ஸ் எல்லாம் ஒரே அடியாகப் போய்விடும். வீடியோ விவரத்தில் பாருங்கள், Set by You என்று இருந்தால் நீங்கள் வைத்தது. Set by YouTube என்றால் உங்களால் மாற்ற முடியாது, முறையீடுதான்.

அம்பை கேமரா: இதற்கா இவ்வளவு? இல்லை என்று மாற்றிவிட்டால் பட்டன் வந்துவிடப் போகிறது.

பொருநைக்கரை: பட்டனுக்காக மாற்றக் கூடாது அண்ணாச்சி. உண்மையிலேயே சின்னப் பிள்ளைகளுக்கான கதை என்றால் அப்படிச் சொல்லியே ஆக வேண்டும். பொய்யாகக் குறித்தால் சேனலுக்கே வம்பு.

கல்லிடை அக்கா: ஆச்சி கதையில் முனியும் பேயும்தான் வரும். பேரனைவிட என் வீட்டுக்காரர்தான் வாயைப் பிளந்து கேட்பார். அது யாருக்கான கதை?

பொருநைக்கரை: அதை ஒவ்வொரு கதையாகக் கேட்டு நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும் அக்கா. எனக்குமே சில கதைகளில் குழப்பமாகத்தான் இருக்கும்.

அம்பை கேமரா: சரி, மணி விஷயத்துக்கு வருகிறேன். பொதுவில் விட்டால் கிடா வெட்டும் வருமே? அதை யாராவது புகார் செய்தால்?

பொருநைக்கரை: இது நல்ல கேள்வி. வெட்டும் ரத்தமும் தெரிந்தால் வயது வரம்பு போட வாய்ப்புண்டு. வயது வரம்பு விழுந்தால் சூப்பர் சாட்டும் போச்சு, பொதுவில் வைத்தும் பலனில்லை. வில்லுப்பாட்டைத் தனி நேரலையாக ஓட்டி, கிடா வெட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தப் பகுதியை Unlisted-லேயே தனியாக விடலாம், அதில் யாரும் பணம் போடப் போவதில்லை. பொது நேரலை முடிந்தபின் சூப்பர் சாட் போட முடியாது, ஆனால் பதிவாக நிற்கும் வீடியோவில் தேங்க்ஸ் வரும்.

அம்பை கேமரா: சாமி காரியத்தைப் பொதுவில் போட்டுக் காசு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. வரி கொடுப்பவன் வரி கொடுக்கட்டும்.

மேலத்தெரு மணி: கேமரா, நெட் செலவு என் கையிலிருந்துதான் போகிறது அண்ணாச்சி. கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன். தலைவர் பொதுவுக்குச் சம்மதிப்பாரா தெரியவில்லை, போன வருடம் வில்லுப்பாட்டுக்காரருக்கு மைக் வைப்பதற்கே இரண்டு கூட்டம் போட்டார்.