இருபது அட்டைக்கு எழுபத்திரண்டு பொட்டலம்: பெயர் என்ன வைப்பது?

களுவாஞ்சிக்குடி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். உயர்தர மாணவருக்கான நிகழ்தகவுப் பயிற்சித் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் இடறுகின்றது. இனிப்புப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு கிரிக்கெட் வீரரின் அட்டை உண்டு. வீரர்கள் 20 பேர். எந்த அட்டையும் சமவாய்ப்புடன் வரும். இருபதையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை பொட்டலம் வாங்கவேண்டும் என்பது வினா. அந்த எண்ணுக்கு ‘சீட்டுச் சேர்ப்பு எண்’ என்று எழுதி வைத்துள்ளேன்; மனம் ஒப்பவில்லை.

அக்கரைப்பற்றுக் கடைக்காரர்:

ரீச்சர், சீட்டு என்றால் எங்கள் பக்கத்தில் மாதக் காசு போட்டு முறைவைத்து எடுப்பதுதான். இருபது பேர் பிடித்த சீட்டு இருபதாம் மாதம் முடிந்துவிடும். அதில் சராசரிக்கு என்ன வேலை?

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

கடைக்கார ஐயாவின் குழப்பமே ‘சீட்டு’ வேண்டாம் என்பதற்குச் சான்று. மாதச் சீட்டில் எடுத்தவர் மறுபடி எடுப்பதில்லை. இங்கோ வந்த அட்டையே திரும்பத் திரும்ப வரும். முதற் பொட்டலத்தில் எது வந்தாலும் புதியது. ஓர் அட்டை கையிலிருக்கும்போது அடுத்த புதியதற்குச் சராசரியாக 20/19 பொட்டலம் போதும்; பத்து இருக்கும்போது 20/10, அதாவது இரண்டு வேண்டும்; பத்தொன்பது இருக்கும்போது எஞ்சிய ஒன்றுக்கு மட்டும் இருபது வேண்டும். இவற்றைக் கூட்டினால்:

20 × (1 + 1/2 + 1/3 + … + 1/20) ≈ 71.95

முதற் பத்து அட்டைக்கு ஏறத்தாழ 13 பொட்டலமும், மீதிப் பத்துக்கு 59 பொட்டலமும் செலவாகின்றன. முடிவதற்குத்தான் செலவு என்பதால் ‘நிறைவு’ என்பதே பெயரின் தலைச்சொல்லாக வேண்டும் என்பது என் கருத்து.

காரைதீவுத் தமிழாசிரியர்:

‘நிறை’ என்ற பகுதியை நம் பௌதிகப் புத்தகங்கள் பாரத்துக்குக் கொடுத்துவிட்டன. மாணவன் தராசைத் தேடுவான். ‘முழுத்தொகை’ என்பேன். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று சேர்த்துக் கட்டிய மரபு நமக்கு உண்டு. தொகு, தொகை, தொகுதி, தொக்கு என விரியும் வேரைப் பார்த்தால், தொல்காப்பியர் எச்சவியலில் வேற்றுமைத்தொகை முதலாகச் சொல்லும் தொகைகள் வரை இந்தக் குடும்பமே.

விரிவுரையாளர்:

ஐயா, தொகைநிலைத் தொடரில் உருபு மறைந்து நிற்குமே! ஒன்றும் குறையாமல் சேர்ந்துவிட்டது என்பதற்கு, ஒன்று மறைந்திருப்பதைக் குறிக்கும் சொல்லா? தவிர, கடையில் தொகை என்றால் காசு.

காரைதீவுத் தமிழாசிரியர்:

உருபு மறைந்தாலும் பொருள் மறைவதில்லை. கடைத்தெருவுக்கு அஞ்சினால் கலைச்சொல்லே ஆக்க முடியாது.

கல்முனைப் பொறியியல் மாணவர்:

‘முழுமைக் கொள்வனவு எண்’ எளிதல்லவா? எப்படியும் 72 வாங்கினால் தொகுதி முழுமையாகிவிடும். ஆகாவிட்டாலும் அதற்குப் பிறகு விரைவில் வந்தே தீரும்.

விரிவுரையாளர்:

தம்பி, பெயர் நன்று. விளக்கத்தில் பாதிதான் சரி. 72 பொட்டலம் வாங்கிய நூறு பேரில் ஏறத்தாழ 41 பேர் இன்னும் முடித்திருக்கமாட்டார்கள். அப்போது ஓர் அட்டை குறையுமானால், முன்பு எத்தனை வாங்கியிருந்தாலும் இன்னும் சராசரியாக இருபதுதான் வேண்டும். பொட்டலத்துக்குப் பழைய கணக்கு தெரியாது. ஆகவே ‘சராசரி’ என்ற அடை பெயரில் இருந்தேயாக வேண்டும்.

கடைக்காரர்:

என் மகனுக்கு ஒரே ஓர் அட்டைதான் குறைகின்றது. அதன்பிறகு அறுபது பொட்டலம் பிரித்துவிட்டான். அந்த அட்டையைக் குறைவாக அச்சடித்திருப்பார்களோ?

விரிவுரையாளர்:

சமவாய்ப்பு மெய்யென்றால், அறுபதிலும் அது வராமலிருக்கும் வாய்ப்பு (19/20)⁶⁰, அதாவது நூற்றுக்கு ஐந்திலும் சற்றுக் குறைவு. சந்தேகப்படலாம், ஆனால் ஒரு வீட்டுக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல பிள்ளைகளுக்கு அதே அட்டை குறைகின்றதா என்று பாருங்கள். அது நூற்றுக்கு ஒன்றாகவே வருமானால், அதற்கு மட்டுமே சராசரி நூறு பொட்டலம் தேவைப்படும். மேற்சொன்ன 72 செல்லாது. பிள்ளைகள் இரட்டித்த அட்டையை மாற்றிக்கொண்டாலும் செல்லாது. ஆளுக்கு வாங்கவேண்டியது குறையும்.

ஆசிரியை:

நேரமில்லை. ‘சராசரி நிறைவுக் கொள்வனவு’ என்று தாளில் இடுகின்றேன்; ‘எண்’ என்பதை வினாவிலேயே கேட்டுவிடலாம். விரிவுரையாளர் ஐயாவும் தம்பியும் உடன்பட்டுவிட்டார்கள். கடைக்கார ஐயா எதிர்க்கவில்லை. சமவாய்ப்பு, மாற்றிக்கொள்ளாமை ஆகிய இரண்டையும் வினாவின் முதல் வரியில் சேர்த்துள்ளேன்.

காரைதீவுத் தமிழாசிரியர்:

அச்சிடுங்கள். என் வகுப்பில் ‘முழுத்தொகை’ என்றே சொல்லிக்கொடுப்பேன். ‘கொள்வனவு’ எந்த வேரிலிருந்து வந்தது என்பதைப் பற்றித் தனி மடல் எழுதுகின்றேன்.