வகை ஊகமா, வகை வருவிப்பா?

கயல்: நிரல்மொழிப் பாடத்துக்காக ஒரு குட்டிச் சார்புமொழி செய்திருக்கிறேன். மாறி, சார்பு, அழைப்பு, `let`, எண், அவ்வளவுதான். நிரலில் வகை எதையும் எழுத வேண்டாம், மொழியே கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த வேலைக்குக் குறிப்பில் 'வகை ஊகம்' என்று போட்டேன். ஒரு மாணவி "ஊகம் தப்பாகிவிட்டால்?" என்று கேட்டுவிட்டாள். வேறு சொல் உண்டா?

பிரபு: பைத்தானில் `type(x)` போட்டால் வருமே, அதுதானே? நான் தினமும் செய்வது. 'வகையறிதல்' போதும்.

சண்முகம்: தம்பி, அது நிரல் ஓடும்போது மதிப்பைப் பார்த்துச் சொல்வது. இங்கே நிரல் ஓடவே இல்லை. இதைப் பாருங்கள்:

```
fun f -> fun x -> f (f x)
```

`f`-இன் வகை a, `x`-இன் வகை b என்று வைப்போம். `f x` என்று அழைப்பதால் `f` ஒரு சார்பு. b-ஐ வாங்கி ஏதோ ஒரு c-ஐத் தருகிறது: a = b -> c. வெளி அழைப்பில் அதே `f`, c-ஐ வாங்கி d-ஐத் தருகிறது: a = c -> d. இரண்டும் ஒரே a என்பதால் b, c, d மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

```
(b -> b) -> b -> b
```

இதில் ஊகம் எங்கே? சமன்பாடு தீர்த்தோம். தீராவிட்டால் பிழை. `fun x -> x x` எழுதினால் a = a -> b என்று வந்து நிற்கும், a-க்குள்ளேயே a. அதற்கு முடிவுள்ள வகை கிடையாது.

மூலத்தில் இல்லாத சொல்லை உரைகாரர்கள் இடம் பார்த்து வருவித்து உரைப்பார்கள் இல்லையா? நிரலர் எழுதாத வகையை மொழி வருவிக்கிறது. என் ஓட்டு 'வகை வருவிப்பு'.

மீனா: ஊகமே இல்லை என்றும் சொல்ல முடியாது ஐயா. சார்புக்கான விதி இது. Γ என்பது மாறிகளின் வகைகளைக் குறித்துவைத்த பட்டியல்; மேல்வரி சரியென்றால் கீழ்வரியும் சரி:

```
   Γ, x:t1 ⊢ e : t2
-------------------------
Γ ⊢ fun x -> e : t1 -> t2
```

நிரலில் t1 எங்கும் இல்லை. மேல்வரிக்கு எங்கிருந்து வந்தது? பொருத்தமான ஒன்றை எடுத்துக்கொள் என்று விதி நம்மிடமே விட்டுவிடுகிறது.

சண்முகம்: சரிதான் அம்மா. விதி அப்படித்தான் கேட்கிறது. அல்காரிதம்தான் அங்கே ஒரு மாறியை வைத்துவிட்டு முடிவைத் தள்ளிப்போடுகிறது. நாம் பெயர் தேடுவது அதற்கு.

கயல்: வருவிப்பு பிடித்திருக்கிறது. ஆனால் விதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் மரத்துக்கு ஏற்கெனவே 'வருவிப்பு மரம்' என்று எழுதிவிட்டேனே. கணக்கிலும் சூத்திரத்தை வருவி என்றுதான் சொல்கிறோம்.

பிரபு: மரத்தை 'நிறுவல் மரம்' ஆக்கிவிடுங்கள். இந்த நிரலுக்கு இந்த வகை உண்டு என்று அது நிறுவத்தானே செய்கிறது?

மீனா: மரத்துக்கு அது பொருந்தும். மற்றதற்கு நான் 'உய்த்துணர்தல்' பக்கம்தான்.

கயல்: சரி, இந்த வாரக் குறிப்பில் வருவிப்பும் நிறுவல் மரமும். மாணவர்கள் குழம்பினால் மீனா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். `let` பகுதி வந்ததும் அடுத்த சொல்லோடு வருவேன்.