அட்டாச்மென்ட்டும் இணைப்பு, லிங்க்கும் இணைப்பா?

ரா., கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்காக மெயில் அனுப்புவது பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். அதில் ஒரு வரி இப்படி வந்தது: "இணைப்பு பெரிதாக இருந்தால் இணைப்பாக அனுப்பாமல் இணைப்பை அனுப்பவும்." என் மனைவி படித்துவிட்டு, "என்ன, விடுகதையா?" என்று கேட்டாள்.

இந்த வரி எழுத வேண்டி வந்ததே சொந்த அனுபவத்தால்தான். இலை எடைப் பதிவேட்டை ஸ்கேன் செய்து, 9 எம்பி கோப்பாக, கோவையில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பனிமூட்டம், சிக்னல் ஒரு கோடுதான். மூன்று முறை முக்கால்வாசி போய் அறுந்தது, மூன்று முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. நான்காவது முறை 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் கடிதம் திரும்பிவிட்டது:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

என் மெயில் சேவை 25 எம்பி வரை விடும். பிறகு ஏன்? அப்புறம், லிங்க்கைக் குறிக்கும் அந்தக் கடைசி 'இணைப்பு'க்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

சு., உதகை

ஜிப் செய்து அனுப்பியிருக்கலாமே! பாதியாகக் குறையும். லிங்க்குக்குத் 'தொடுப்பு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

வே., குன்னூர்

சு. சொல்வது எழுத்துக் கோப்புக்குச் சரி. ஸ்கேன் பக்கங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கிய படங்கள். ஜிப் செய்தாலும் 9 எம்பி 8.8 ஆகலாம், அவ்வளவுதான்.

நான் பல வருடம் மெயில் சர்வர் பார்த்தவன். மெயில் எழுத்துக்காக உண்டானது. படமோ பிடிஎஃப்போ போக வேண்டுமானால், அதை எழுத்தாக மாற்றித்தான் அனுப்புவார்கள். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து, வரி முறிவுகள் வேறு. ஆக, உங்கள் 9 எம்பி வழியில் 12 எம்பிக்கு மேல் போயிருக்கும்.

25 என்பது உங்கள் பக்கத்து வரம்பு. அதனால்தான் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. பிறகு உங்கள் சர்வர் கோவை சர்வரின் கதவைத் தட்டியிருக்கும், அது அளவைக் கேட்டதுமே மறுத்திருக்கும். அந்தப் பிழை வரி போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளின் வாசகம் மாதிரி இருக்கிறது. யாரும் மாற்றாமல் விட்டால் அதன் வரம்பு 1,02,40,000 பைட். அதற்குள் ஏழரை எம்பிக் கோப்புதான் அடங்கும்.

முதலிலிருந்து ஆரம்பித்ததும் இதே கதைதான். மெயிலில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வழி கிடையாது. இணையதளத்திலிருந்து இறக்கும்போது, சர்வர் ஒத்துழைத்தால், "இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு" என்று கேட்கலாம். பனியில் அறுந்தாலும் மிச்சத்தை மட்டும் வாங்கலாம். ஆனால் லிங்க் கொடுக்க, நீங்கள் முதலில் கோப்பை ஒரு சேவையில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு அந்த வசதி சில சேவைகளில்தான் உண்டு, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நா., கூடலூர்

எனக்கும் மெயில் திரும்பி வந்தது ஐயா. ஆனால் நான் அனுப்பியது இரண்டே வரி, கோப்பே இல்லை. லிங்க் அனுப்பினால் சரியாகுமா?

வே., குன்னூர்

ஆகாது தம்பி. திரும்பிய கடிதத்தில் 5.2.2 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வாங்குபவரின் பெட்டி நிறைந்துவிட்டது. அவர்தான் காலி செய்ய வேண்டும்.

ரா., கோத்தகிரி

நன்றி ஐயா. சரி, சொல்லுக்கு வருவோம். 'தொடுப்பு' எல்லா லிங்க்குக்கும் பொது. எனக்கு வேண்டியது, கோப்பை வேறிடத்தில் வைத்துவிட்டு எடுக்கும் வழியை மட்டும் தருவது. பஸ்ஸில் மூட்டையைப் போட்டுவிட்டு ரசீதைக் கொடுத்து விடுகிறோமே, அதுபோல. 'கோப்புச்சீட்டு' எப்படி? அட்டாச்மென்ட்டுக்கு 'உடன்கோப்பு'.

சு., உதகை

'உடன்கோப்பு' அருமை. ஆனால் சீட்டைக் கொடுத்தால் மூட்டை போய்விடும், லிங்க்கை எத்தனை பேரும் எத்தனை முறையும் எடுக்கலாம். 'இறக்குதொடுப்பு' என்பேன்.

ம., கொடைக்கானல்

சீட்டுக்கு என் ஓட்டு. கையில் வைத்திருப்பவர் யாரானாலும் மூட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்ற பயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நான் ஒருமுறை எங்கள் நிலப் பத்திரத்தின் லிங்க்கைக் குடும்பக் குழுவில் போட்டேன். யாரோ வெளியே அனுப்பி, முன்பின் தெரியாத தரகர் ஒருவர் விலை கேட்டுப் போன் செய்தார். 'தொடுப்பு' என்று எழுதினால் அந்த எச்சரிக்கை வராது.

வே., குன்னூர்

அந்தப் பயத்துக்காக, பார்க்கும் உரிமையைப் பெறுபவரின் முகவரிக்கு மட்டும் கொடுத்தால், அவர் வேறு முகவரியில் திறந்து "அனுமதி கேட்கிறது" என்று திரும்ப எழுதுவார். ஆள் பெயர் எழுதிய சீட்டு அது. அதற்கும் ஒரு சொல் வேண்டுமோ?

ரா., கோத்தகிரி

இப்போதைக்குக் குறிப்பில் இப்படிப் போடுகிறேன்: "உடன்கோப்பு 5 எம்பிக்கு மேல் போனால் கோப்புச்சீட்டு அனுப்பவும்." சு. கோபிக்க வேண்டாம், அடைப்புக்குள் 'இறக்குதொடுப்பு' என்றும் சேர்த்திருக்கிறேன். மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. "சீட்டு என்றால் ஏலச்சீட்டா?" என்று மட்டும் கேட்டாள்.