பழைய கிராம வரைபடம் மடிப்புக்கு மேற்கே மட்டும் விலகுகிறது, உதவுங்கள்

வணக்கம். 16 அங்குலம் ஒரு மைல் அளவில் வரைந்த எங்கள் கிராம வரைபடத்தின் ஸ்கேனை QGIS-இல் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திக்கொண்டிருக்கிறேன். கோயில் மதில் மூலை, ஏரிக் கலிங்கு, பழைய கல்கிணறுகள் என இடம் மாறாதவற்றையே கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுத்தேன். சாலை வளைவுகளை நம்பவில்லை, அகலப்படுத்தியிருப்பார்கள்.

கிழக்குப் பாதிப் புள்ளிகளை மட்டும் வைத்து Polynomial 1 போட்டால் பிழை 3 மீட்டருக்குள் அடங்குகிறது. ஆனால் நடுமடிப்புக்கு மேற்கே உள்ள எல்லாமே ஏறக்குறைய 15 மீட்டர் கிழக்கே தள்ளி விழுகின்றன. எல்லாம் ஒரே திசையில் விலகுவதால் புள்ளி தவறியதாகத் தெரியவில்லை. இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் சுமார் 4 மீட்டர். அப்படியானால் துணியில் ஒட்டியபோது மடிப்பில் 4 மில்லிமீட்டர் தாள் உள்ளே போயிருக்க வேண்டும்.

Thin Plate Spline போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டுகிறது. அது புள்ளிகளில் மட்டும்தான். மடிப்பை ஒட்டிய சர்வே எண்களின் எல்லைக்கோடுகள் நெளிந்துவிடுகின்றன.

மடிப்போடு படத்தை இரண்டாக வெட்டித் தனித்தனியே பொருத்தலாமா? அப்புறம் நடுவில் விழும் இடைவெளியில் எல்லைக்கோடுகளை எதை வைத்து இணைப்பது? புலப்படம் போதுமா? இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்.