ரூம் இல்லைன்னு சொல்லி வேற ஓட்டலுக்கு அனுப்பின அனுபவம் யாருக்காவது இருக்கா?

ரிசப்ஷன்_முத்து:
மதுரை, முகூர்த்த நாள். 60 ரூம், 64 புக்கிங் எடுத்திருந்தோம். வழக்கமா நாலஞ்சு பேர் வரமாட்டாங்க, அந்தக் கணக்குதான். அன்னைக்குன்னு எல்லாரும் வந்துட்டாங்க, போதாததுக்கு ஒரு ரூம்ல ஏசி ஒழுகுது. கடைசியா வர்றவங்களை வெளிய அனுப்புன்னு மேனேஜர் சொல்லிட்டார். ராத்திரி பத்தரைக்கு வந்தது ஒரு வயசான தம்பதி. லாபி முழுக்க கல்யாணக் கூட்டம். பெரியவர் பிரிண்ட் எடுத்த தாளை கவுண்டர்ல விரிச்சு, "கன்ஃபார்ம்டுன்னு போட்டிருக்கே தம்பி"ன்னு அந்த வரியை விரலால தடவிக் காட்டினார். இன்னும் கண்ணுலயே நிக்குது.

கோவை_ரவி:
இது பச்சை மோசடி, போலீஸ்ல கொடுத்தா ஓட்டலுக்கே சீல் வைப்பாங்க. என்னையும் இப்படித்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்கு அனுப்பினாங்க. ஆட்டோ காசும் நான்தான் கொடுத்தேன்.

பழைய_எஃப்ஓஎம்:
ரவி, சீல் எல்லாம் வைக்க மாட்டாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். ஆட்டோ காசை உங்ககிட்ட வாங்க விட்டதுதான் அசிங்கம்.

முத்து, கடைசியா வர்றவங்களை அனுப்புறதுதான் தப்பான முறை. லேட்டா வர்றது பெரும்பாலும் களைச்சுப்போன குடும்பம்தான். சாயங்காலம் நாலு மணிக்கே வரவேண்டியவங்க லிஸ்டை எடுத்து, ஒரே ராத்திரி, தனி ஆள், ஆபீஸ் வேலையா வர்றவர், இப்படி ஒருத்தரைப் பொறுக்கணும். பக்கத்து ஓட்டல்ல அதே தரத்துல, முடிஞ்சா ஒரு படி மேல, அவர் பேர்லயே ரூம் போட்டுட்டு, வழியில இருக்கும்போதே போன் பண்ணணும். வாடகை வித்தியாசமும் வண்டியும் நம்ம கணக்கு. நேர்ல சொல்ல நேர்ந்தா கவுண்டருக்குப் பின்னாடி நின்னு சொல்லாதீங்க. சோபாவுல உக்காரவெச்சு காபி கொடுத்து, "உங்களுக்கு ரூம் தயாரா இருக்கு, ஆனா இன்ன ஓட்டல்ல"ன்னு ஆரம்பிங்க. பைப் உடைஞ்சதுன்னு பொய் வேண்டாம், பக்கத்துல நிக்கிற கல்யாண வீட்டுக்காரர் சாவி வாங்குறதை அவர் பார்த்துட்டுதானே இருக்கார். ஆன்லைன் புக்கிங்னா "நோ ஷோ"ன்னு போட்டுடாதீங்க, அவர் கார்டுல பணம் பிடிச்சிடும். ரெண்டு நாள் புக்கிங்னா மறுநாள் காலைல நீங்களே கார் அனுப்பிக் கூட்டிட்டு வாங்க.

சுமதி_பயணம்:
எனக்கும் இதே! காலைல ஆறு மணிக்குப் போனா ரூம் 12 மணிக்குத்தான்னாங்க. ரெண்டு மணி நேரம் லாபியிலயே உக்காந்திருந்தேன்.

பழைய_எஃப்ஓஎம்:
சுமதிம்மா, அது செக்-இன் நேரம். இது வேற.

ரிசப்ஷன்_முத்து:
சார், நீங்க சொல்றது பெரிய ஓட்டலுக்கு. எங்க முதலாளி வண்டிக்கு முந்நூறு ரூபா எடுக்கவே போன் பண்ணி அனுமதி கேக்கச் சொல்வார். முகூர்த்தத்தன்னைக்கு நாலு மணிக்கு பக்கத்து ஓட்டல்ல மட்டும் ரூம் எங்க இருக்கும்?

பழைய_எஃப்ஓஎம்:
அப்போ அந்தத் தேதிக்கு 64 எதுக்கு எடுத்தீங்க? கல்யாணத்துக்கு வர்றவன் கேன்சல் பண்ண மாட்டான்.

ரிசப்ஷன்_முத்து:
அதை முதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க சார், நம்பர் தர்றேன்.